மூணு மாசமா ஒரே கோர்ட்டில் ஆடுறோம், இன்னும் யாரையும் தெரியல: வேலை வட்டத்துக்கு வெளியே பழகுறது எப்படி?

புதுவரவு

வணக்கம். மென்பொருள் சோதனை வேலை பாக்குறேன். பழகுற ஆள் எல்லாரும் இதே துறை. பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் ரிலீஸ் தேதியில வந்து நிக்குது. டாக்டர், வக்கீல், ஆசிரியர், கட்டட வேலை பாக்குறவர்னு வேற வேலையில இருக்கிறவங்களோட சும்மா பழகணும்னு ரொம்ப நாள் ஆசை. அவங்களால எனக்கு ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்ல.

அதுக்காகவே ஒரு ஷட்டில் குழுவில சேர்ந்தேன். சனிக்கிழமை காலையில 2 மணி நேரம், 2 கோர்ட், 12 பேர், எல்லாம் டபுள்ஸ். 12 வாரம் ஆச்சு, ஒரு வாரம்கூட விடல. யாருக்கு பேக்ஹேண்ட் வராதுன்னு தெரியும். யார் என்ன வேலை பாக்குறாங்கன்னு மூணு பேரைத் தவிர தெரியாது. குழுவை மாத்தணுமா? மலையேற்றக் குழு ஒண்ணு, உணவுப் பொட்டலம் கட்டுற தன்னார்வக் குழு ஒண்ணு, ரெண்டும் பார்த்து வச்சிருக்கேன்.

பந்தடி

மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. ஒரு கேம் முடிஞ்சதும் அந்த கோர்ட்டில ஆடுன நாலு பேரும் வெளிய வந்து, உட்கார்ந்திருக்கிற நாலு பேரும் உள்ள போறாங்களா? அந்த மூணு பேர் யாரு, உங்களோட ஒரே நேரத்துல வர்றவங்களா?

புதுவரவு

ஆமா, நாலு பேரா இறங்கி நாலு பேரா ஏறுவோம். அந்த மூணு பேரும் என்னை மாதிரியே 6 மணிக்கு முன்னாடி வர்றவங்கதான். இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

பந்தடி

நிறைய குழுவில இதே சிக்கல்தான். ஆளுங்க மேல தப்பு இல்ல, சுத்து முறையில இருக்கு தப்பு.

நாலு நாலா ஏறி இறங்கினா 12 பேர் மூணு கட்டாப் பிரிஞ்சுடும். முதல்ல வர்ற நாலு பேர் ஒரு கட்டு, அடுத்து வர்ற நாலு பேர் இன்னொரு கட்டு. வீட்டிலிருந்து கிளம்புற நேரம் யாருக்கும் வாராவாரம் பெருசா மாறாது. அதனால அடுத்த சனிக்கிழமையும் அதே கட்டுதான் அமையும். உங்க கட்டுல உங்களைச் சேர்க்காம மூணு பேர். ஆடுறதும் அவங்களோட, பெஞ்சுல உட்கார்றதும் அவங்களோட. மிச்ச எட்டுப் பேரை நீங்க பக்கத்து கோர்ட்டில பார்த்திருக்கீங்க, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். ஷட்டில்ல பழக்கம் கோர்ட்டுக்குள்ள உண்டாகுறதில்ல. உள்ள "என்னோடது", "விடு", "சாரி" இந்த மூணு வார்த்தைதான் ஓடும். பேச்சு நடக்கிற இடம் பெஞ்சு. அதனால பெஞ்சு நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க. 21 பாயிண்ட் கேம் ஒண்ணு, ஆள் மாறுறதையும் சேர்த்து 15 நிமிஷம்னு வச்சுக்கிட்டா 2 மணி நேரத்துல 8 சுற்று. ஒவ்வொரு சுற்றிலயும் 12 பேர்ல 4 பேர் உட்கார்றாங்க. அப்போ ஆளுக்குச் சராசரியா 40 நிமிஷம் பெஞ்சு. சீட்டுக் குலுக்குன மாதிரி நல்லாக் கலந்தாலும், குறிப்பிட்ட ஒருத்தரோட நீங்க சேர்ந்து உட்கார்றது வாரத்துக்கு 11 நிமிஷம்தான் வரும். உங்க முறையில மூணு பேரோட 40 நிமிஷம், எட்டுப் பேரோட பூஜ்ஜியம்.

இதைச் சரி பண்ண ஒரு வழி, ரெண்டு ரெண்டா மாத்துறது. கேம் முடிஞ்சதும் தொடர்ந்து ரெண்டு கேம் ஆடிட்ட ரெண்டு பேர் மட்டும் இறங்கணும், பெஞ்சுல அதிக நேரம் உட்கார்ந்தவங்க ரெண்டு பேர் ஏறணும். முதல் சுற்றில எல்லாரும் ஒரு கேம்தான் ஆடியிருப்பாங்க, அப்போ மட்டும் ரெண்டு பேரைச் சீட்டுப் போட்டு இறக்கிடுங்க. ரெண்டு கோர்ட்டும் ஒரே நேரத்துல முடியாது, ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி முடியும். அது நமக்கு நல்லது. நீங்க உட்கார்ந்த கொஞ்ச நேரத்துல பக்கத்து ஜோடி எழுந்து போகும், புது ஜோடி வந்து உட்காரும். ஆளுக்குக் கிடைக்கிற ஆட்ட நேரம் குறையவே குறையாது. இதை எடுத்துச் சொல்லுங்க, ஏன்னா முதல்ல வர்ற எதிர்ப்பு அதுதான்.

யாருடைய முறைன்னு சண்டை வராம இருக்க ஒரு அட்டையில 12 துணி கிளிப் மாட்டி, கிளிப் மேல பேர் எழுதி வைங்க. இறங்குறவர் தன் கிளிப்பைக் கழட்டி வரிசையோட கடைசியில மாட்டணும். எல்லாருக்கும் எல்லார் பேரும் கண்ணுல படும். மூணு மாசம் ஆன பிறகு பேரைக் கேக்கக் கூச்சப்படுறவங்களுக்கு அது பெரிய உதவி.

ரெண்டாவது எதிர்ப்பு நல்லா ஆடுறவங்ககிட்டயிருந்து வரும். "கலந்து போட்டா ஆட்டத்துல உயிர் இல்ல"ம்பாங்க. அவங்க சொல்றது நியாயம்தான். முதல் ஒரு மணி நேரம் கலந்து, அடுத்த ஒரு மணி நேரம் ஆட்டத் தரத்துக்கு ஏத்த மாதிரின்னு வச்சுக்கோங்க. கலப்பு மொத்த நேரத்துக்கும் வேணும்னு அடம்பிடிச்சா நல்ல ஆட்டக்காரங்க நாலு பேர் வேற நாள் புக் பண்ணிட்டுப் போயிடுவாங்க. மிஞ்சுற எட்டுப் பேருக்கு ரெண்டு கோர்ட், பெஞ்சே இருக்காது. பெஞ்சு இல்லன்னா பேச்சும் இல்ல.

ஏழாம்நாள்

பந்தடி அண்ணா கணக்கு அழகா இருக்கு, ஆனா இவ்வளவு மெனக்கெடணுமான்னு தோணுது. சமூகவியல்ல மார்க் கிரானோவெட்டர் 1973ல எழுதின கட்டுரையிலயே சொல்லிட்டார். வலுவான பிணைப்பைவிட வலுவற்ற பிணைப்புதான் புதுச் செய்தியைக் கொண்டுவருது. நெருங்கின நண்பனுக்குத் தெரிஞ்சது உனக்கும் தெரிஞ்சிருக்கும், தூரத்து அறிமுகத்துக்குத்தான் வேற உலகம் தெரியும். அப்போ ஒரே குழுவில ஆறு மாசம் உட்கார்றது வீண். மாசத்துக்கு ஒரு குழு போங்க. ஒரு மாசம் ஷட்டில், அடுத்த மாசம் நடை, அதுக்கடுத்து புகைப்படம். வருஷ முடிவுல 150 பேரைத் தெரிஞ்சிருக்கும்.

நெசவு

கிரானோவெட்டர் சொன்னதுல பாதியைச் சரியாப் பிடிச்சிருக்கீங்க. மிச்சப் பாதிதான் இந்தக் கேள்விக்கு வேண்டியது.

அந்தக் கட்டுரையில் வரும் எண்கள், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்த 54 பேரைப் பற்றியவை. செய்தி சொன்ன ஆளை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று அவர்களிடம் கேட்டார். அடிக்கடி பார்த்தோம் என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. இங்கே கவனிக்க வேண்டியது அவர் போட்ட வரம்பு. வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்த்தால்தான் "அடிக்கடி". வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல், ஆனால் வாரத்துக்கு இரண்டு முறைக்குக் கீழ் என்றால் "எப்போதாவது". அந்தக் கணக்குப்படி வாரம் ஒரு நாள் வருடக்கணக்கில் சேர்ந்து ஆடுகிற ஆளே வலுவற்ற பிணைப்பில்தான் வருவார். ஆகவே ஒரே குழுவில் தங்குவதற்கும் அந்தக் கருத்துக்கும் சண்டையே இல்லை.

இன்னொன்று, அந்த அரிதான அறிமுகங்கள் யார் என்று பாருங்கள். பலர் பழைய கல்லூரித் தோழர்கள், முன்னாளில் உடன் வேலை பார்த்தவர்கள், முன்னாள் முதலாளிகள். ஒரு காலத்தில் ஆளை நன்றாக அறிந்திருந்து, பிறகு தொடர்பு மெலிந்தவர்கள். நூல் மெல்லியதாக ஆனது பிற்பாடுதான், முதலில் அது நூற்கப்பட்டிருந்தது. மாதத்துக்கு ஒரு குழு மாறினால் உங்களுக்குக் கிடைக்கிற 150 பேர் அந்த வகை இல்லை. அவர்கள் முகம் தெரிந்த அந்நியர்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது. ஜெஃப்ரி ஹால் என்ற தொடர்பியல் பேராசிரியர் புது ஊருக்குக் குடிபெயர்ந்த பெரியவர்களையும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்துக் கணக்கெடுத்தார். அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பு என்ற நிலைக்கு வர ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் என்று வந்தது. சேர்ந்து வேலை செய்த நேரத்துக்கு, சேர்ந்து பொழுது போக்கிய நேரத்துக்கு இருந்த வலு இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

இதைப் புதுவரவின் கணக்கில் வைத்துப் பாருங்கள். 12 வாரம், வாரத்துக்கு 2 மணி, மொத்தம் 24 மணி நேரம். எல்லா மணியும் எல்லாரோடும் கழிந்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் பாதி வழிதான் வந்திருக்கிறார். அந்த மூன்று பேரின் வேலை அவருக்குத் தெரிந்திருப்பதே அளவு சரியாகப் போகிறது என்பதற்கு அடையாளம்.

பந்தடி

நெசவு சொல்றதோட ஒண்ணு சேர்க்குறேன். வாரம் 11 நிமிஷ பெஞ்சை மட்டும் வச்சு 50 மணி நேரத்துக்கு வரணும்னா 5 வருஷத்துக்கு மேல ஆகும். அதனால ஆட்டத்துக்கு வெளிய இருக்கிற நேரம்தான் முக்கியம். நெட் கட்டுறது, கார்க் எண்ணுறது, மழை பெஞ்சா கோர்ட் துடைக்கிறது. இந்த வேலைகளை ரெண்டு பேரா செய்யுங்க, ஜோடியை வாராவாரம் மாத்துங்க. அப்புறம், 2 மணி நேரம் புக் பண்ணினா 1 மணி 45 நிமிஷத்துல ஆட்டத்தை நிறுத்துங்க. நேரம் முடிஞ்சதும் அடுத்த குழு பையோட வாசல்ல நிக்கும், எல்லாரும் ஓடிடுவாங்க. அந்தக் கடைசி 15 நிமிஷம் பெஞ்சுல மொத்தம் 12 பேரும் இருப்பாங்க.

உறுதிமொழி

நல்ல இழை. நான் காப்பீட்டு ஆலோசகர். எனக்கும் இது ரொம்பப் பயன்படும். ஒரு விளையாட்டுக் குழுவில சேர்ந்தா எத்தனாவது வாரத்துல விசிட்டிங் கார்டு கொடுக்கலாம்? 12 பேர் குழுவில எத்தனை பேர் வாடிக்கையாளரா மாறுவாங்கன்னு யாராவது கணக்கு வச்சிருக்கீங்களா?

நெசவு

ஐயா, புதுவரவு கேட்டது வேறு. காரியம் எதையும் மனசில் வைக்காமல் பழகுவது எப்படி என்பதுதான் அவர் கேள்வி.

பொட்டலம்

உறுதிமொழி சாருக்கும் பதில் சொல்லணும், ஏன்னா எங்க தன்னார்வக் குழுக்கள்ல இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கார்டே வேண்டாம் சார். யாராவது "என்ன பண்றீங்க"ன்னு கேட்டா ஒரே வரியில சொல்லிடுங்க: "காப்பீடு பாக்குறேன்." அங்கயே நிறுத்திடுங்க, அடுத்த வரி அவங்ககிட்டயிருந்து வரட்டும். வேலையை மறைக்கவும் கூடாது. ஆறு மாசம் கழிச்சுத் தெரிஞ்சா "இதுக்குத்தான் வந்தாரா"ன்னு முன்னாடி பேசினதையெல்லாம் திரும்ப எடைபோடுவாங்க.

எல்லை தாண்டிட்டீங்கன்னு தெரிஞ்சுக்க அடையாளம் உண்டு. நீங்க பொட்டலம் கட்டுற மேசைக்கு வந்தா அங்க இருக்கிற பேச்சு வானிலைக்கு மாறும். உங்களைத் தவிர்த்து இன்னொரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருப்பாங்க. பக்கத்துல நின்னு வேலை செஞ்சவர் அடுத்த வாரம் மேசையோட அந்தப் பக்கம் போயிருப்பார். இதுல ரெண்டு நடந்தா ஒருத்தர்கிட்ட இல்ல, குழு முழுக்கவே உங்க பேர் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அதைத் திருப்பி எடுக்கிறது ரொம்பக் கஷ்டம்.

உறுதிமொழி

ஏத்துக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். ரோட்டரி சங்கம் 1905ல தொடங்கினப்போ உறுப்பினர்கள் ஒருத்தருக்கொருத்தர் வியாபாரம் கொடுத்துக்கிட்டாங்கன்னு படிச்சிருக்கேன். அது தப்புன்னா அது எப்படி வளர்ந்துச்சு?

நெசவு

நல்ல கேள்வி. முதல் கூட்டத்தில் இருந்தது நான்கு பேர்: ஒரு வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது ஆரம்பகால விதி. துறை கலப்பதற்காகவே எழுதப்பட்ட விதி என்று அதை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் சொன்னபடி வியாபாரப் பரிமாற்றமும் இருந்தது உண்மைதான். பிற்பாடு சேவை முன்னுக்கு வந்தது. ஆனால் அங்கே சேரும்போதே எல்லாருக்கும் அது தெரியும். வியாபாரிகள் சங்கம் என்று தெரிந்து வருவது வேறு, வியர்வை சிந்த வந்தவரிடம் பாலிசி பேசுவது வேறு. உங்களுக்கு வியாபாரச் சந்திப்புக் குழுக்களே நேர்மையான இடம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள்.

இரவுப்பணி

நான் செவிலியர். மாசத்துக்கு ஒரு தடவை ஷிப்ட் அட்டவணை மாறும். வாராவாரம் ஒரே நாள்னு சொல்ற எந்தக் குழுவிலயும் என்னால நிலைக்க முடியாது. ரெண்டு வாரம் வருவேன், மூணு வாரம் காணாம போவேன். 50 மணி நேரம்னு நெசவு சொன்னதைப் பார்த்ததும் மலைப்பா இருக்கு. எங்க மாதிரி ஆளுங்களுக்கு வழியே இல்லையா?

பொட்டலம்

இருக்கு மா. வாராவாரம் வர்றதைவிட "எப்போ வருவாங்க"ன்னு மத்தவங்களுக்குத் தெரியுறதுதான் முக்கியம். அட்டவணை கையில வந்த அன்னிக்கே ஒருங்கிணைப்பாளருக்கு அந்த மாசம் வரமுடியுற நாளை மொத்தமா அனுப்பிடுங்க. சொல்லிட்டு வராம இருக்கிறவங்களை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சொல்லாம காணாம போறவங்களுக்கு மூணாவது தடவை இடம் ஒதுக்க மாட்டாங்க.

பொட்டலம் கட்டுற மாதிரி வேலை உங்களுக்கு ஒத்துவரும், ஆள் குறைஞ்சாலும் கூடினாலும் மேசை ஓடும். ஷட்டில் அப்படி இல்ல, ஏழு பேர் வந்தா ஒரு கோர்ட் ஆடாது. பறவை கணக்கெடுக்கிற குழுவும் நல்லது. ரெண்டு பேர் சேர்ந்து தங்களுக்குத் தோதான நேரத்துல ஒரு குளக்கரைக்குப் போய் ஒரு மணி நேரம் எண்ணிட்டு, பட்டியலை eBird செயலியில ரெண்டு பேர் கணக்குலயும் பகிர்ந்துக்கலாம். ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு மணி நேர அமைதியான வேலை. 12 பேர் கூட்டத்துல பத்து வாரத்துல கிடைக்காத பேச்சு அதுல கிடைக்கும்.

இனி புதுவரவுக்கு. பொட்டலக் குழுவுக்குப் போனா எந்த இடத்துல நிக்கிறோம்கிறது முக்கியம். பையில அரிசி, அடுத்தவர் பருப்பு, அடுத்தவர் எண்ணெய்னு வரிசையா நின்னு போடுற முறையில உங்களுக்கு ரெண்டே ரெண்டு பேர்தான்: இடது பக்கம் ஒருத்தர், வலது பக்கம் ஒருத்தர். அதுவும் பை நகர்ற வேகத்துல பேச முடியாது. நாலஞ்சு பேர் ஒரு மேசையைச் சுத்தி நின்னு, ஆளுக்கு ஒரு முழுப் பொட்டலம் கட்டுற முறையைத் தேடுங்க. கை பழகிடும், வாய் சும்மா இருக்கும், கண்ணு எதிர்ல இருக்கிறவரைப் பார்க்கும். பொட்டலம் கொஞ்சம் மெதுவாத்தான் ஆகும், அதனால அவசர நாள்ல ஒருங்கிணைப்பாளர் வரிசை முறைதான் கேப்பார். அப்போ பாதி நேரம் ஆனதும் இடத்தை மாத்திக்கலாமான்னு கேளுங்க. பதிவு மேசை, மைக், புகைப்படம் மூணையும் ஆரம்பத்துல தவிர்த்துடுங்க. நூறு பேரைப் பார்ப்பீங்க, ஒருத்தரோடயும் ரெண்டு நிமிஷம் இருக்க மாட்டீங்க.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும். மென்பொருள்னு சொன்ன அன்னிக்கே "நம்ம குழுவுக்கு ஒரு வெப்சைட்"னு வரும். முதல் ஆறு மாசம் ஒத்துக்காதீங்க. ஒத்துக்கிட்டா உங்களுக்கு ஒரு லாகின் வரும், ஒரு தனி அறை வரும், மேசை போயிடும். அதுக்கப்புறம் உங்களைத் தேடி வர்றவங்க எல்லாம் கடவுச்சொல் மறந்தவங்கதான். துறையை விட்டு வெளிய வரணும்னு போன இடத்துல துறையே உங்களைப் பிடிச்சு உட்கார வச்சுடும்.

கணக்குப்பிள்ளை

இதை நான் ஒத்துக்க மாட்டேன். நான் தணிக்கையாளர், குழுவில பொருளாளர். சந்தா வசூல் என் வேலை. அதனாலதான் 40 பேர்கிட்டயும் மாசம் ஒரு தடவை நேர்ல பேசுறேன். தொழில் திறமையைக் கொடுத்தால்தான் மதிப்பு வரும். வெறும் கையோட போய் மேசையில நின்னா யாருக்கு ஞாபகம் இருக்கும்?

பொட்டலம்

சார், உங்க பொறுப்பு ஆளைப் பார்க்க வைக்குது, வெப்சைட் ஆளைப் பார்க்காம இருக்க வைக்குது. வித்தியாசம் அங்கதான். ஒரு பொறுப்பை ஏத்துக்கிறதுக்கு முன்னாடி, இதைச் செய்ய வாரத்துக்கு எத்தனை பேரோட பேசியாகணும்னு எண்ணிப் பாருங்க. கார்க் வாங்கி வைக்கிறது, கார் பங்கிடுறது, புதுசா வர்றவங்களுக்கு முதல் நாள் கூட நிக்கிறது, இதெல்லாம் ஆளைக் கொண்டுவரும்.

ஆனா சந்தா வசூல்ல ஒரு சிக்கல் உண்டு. பணம் பாக்கி வச்சவர் உங்களைப் பார்த்தாலே ஒதுங்குவார்.

கணக்குப்பிள்ளை

எனக்கு அப்படி நடந்ததில்ல. திறமையைக் கொடுக்காம இருக்கிறது ஒருவித கஞ்சத்தனம்னு இன்னும் நினைக்கிறேன். அதை விட்டுடுவோம்.

புதுவரவு

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி. பெஞ்சுல பக்கத்துல ஒருத்தர் வந்து உட்கார்ந்தா "என்ன வேலை பாக்குறீங்க"ன்னு நேராக் கேக்கலாமா? ரெண்டாவது, நாளைக்கு நிஜமாவே ஒரு உதவி தேவைப்பட்டா, உதாரணமா அவர் வக்கீல், எனக்கு வாடகை முன்பணம் திரும்ப வரலன்னா, கேக்கலாமா? கேட்டா அது காரியத்துக்குப் பழகுன மாதிரி ஆயிடாதா?

நெசவு

முதல் கேள்வி: கேட்பது குற்றமில்லை, ஆனால் அது பேச்சை முடித்துவிடுகிற கேள்வி. "வக்கீல்." "ஓ." அதற்கு மேல் நகராது. வேலை தானாக வெளியே வரும் கேள்விகள் இருக்கின்றன. "சனிக்கிழமை உங்களுக்கு லீவா?" என்று கேளுங்கள். மருத்துவர் என்றால் டூட்டியைப் பற்றிச் சொல்வார், ஆசிரியர் என்றால் விடைத்தாள் கட்டைப் பற்றிச் சொல்வார், கட்டடம் கட்டுபவர் என்றால் கான்கிரீட் போடும் நாளில் லீவே கிடையாது என்பார். அப்போது அடுத்த கேள்வி உங்கள் கையில் இருக்கும்: ஏன் அந்த நாளில் நிறுத்த முடியாது? அவர் சொல்ல ஆசைப்படுகிற விஷயம் அது. அவருடைய பட்டத்தையும் பதவியையும் பற்றிக் கேட்காமல் வேலையில் என்ன கஷ்டம், எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள் என்று கேளுங்கள். உங்கள் வேலையைப் பற்றி அவர் கேட்டால், துறைச் சொல் எதுவும் இல்லாமல் இரண்டு வரியில் சொல்லப் பழகுங்கள். "ஒரு செயலி மக்கள் கைக்குப் போவதற்கு முன்னால் அதை உடைத்துப் பார்ப்பது என் வேலை" என்றால் யாருக்கும் புரியும்.

இரண்டாவது: கேட்கலாம். ஆனால் வழி கேளுங்கள், வேலை வாங்காதீர்கள். "இந்த ஒப்பந்தத்தைப் படிச்சுச் சொல்லுங்க" என்றால் அவர் ஊதியம் வாங்கிச் செய்கிற வேலையை பெஞ்சில் இலவசமாகக் கேட்கிறீர்கள். "இந்த மாதிரி விஷயத்துக்கு எப்படிப்பட்ட வக்கீலைப் பார்க்கணும், போகும்போது என்னென்ன காகிதம் எடுத்துட்டுப் போகணும்" என்றால் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம், சொல்ல மனமில்லை என்றாலும் நழுவ இடம் இருக்கிறது. குழு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். 11 பேர் பார்க்கும்போது மறுக்க முடியாது, அது வற்புறுத்தல். ஆட்டம் முடிந்து பை கட்டும்போது தனியாக, ஒரே ஒரு முறை. பதில் வரவில்லை என்றால் மறுபடி நினைவூட்டாதீர்கள். அவரே "ஆபீசுக்கு வாங்க" என்றால் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

காரியத்துக்குப் பழகினதாக ஆகுமா என்றால், அதை அடுத்த சனிக்கிழமை தீர்மானிக்கும். வேலை முடிந்ததும் ஆள் வராமல் போனால் ஆகும்.

இரவுப்பணி

மறுபக்கத்துலருந்து ஒரு வார்த்தை. நான் செவிலியர்னு தெரிஞ்சா ஸ்கேன் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புறாங்க. அதனால இப்போ வேலையைச் சொல்லவே தயங்குறேன். துறையை மறைக்கிறவங்க எல்லாரும் திமிரா இருக்காங்கன்னு நினைக்காதீங்க.

ஏழாம்நாள்

என் கருத்தைக் கொஞ்சம் மாத்திக்கிறேன். ஒரு குழு போதாதுன்னுதான் இன்னும் நினைக்கிறேன், ஆனா மாசத்துக்கு ஒண்ணு தப்பு. ஒரே நேரத்துல ரெண்டு குழு, ரெண்டுலயும் ஆறு மாசம்னா?

பந்தடி

ரெண்டு சரி. ஆனா ரெண்டும் ஒரே வகை ஆளுங்களை இழுக்குற நேரத்துல இருக்கக்கூடாது. வார நாள் பகல்னா ஓய்வு பெற்றவங்களும் சொந்தத் தொழில்காரங்களும் வருவாங்க. வார நாள் ராத்திரின்னா அலுவலகம் போறவங்க. அலுவலக வளாகத்துக்குள்ள இருக்கிற கோர்ட்னா எந்த நேரத்துல போனாலும் உங்க துறைதான். புதுவரவு, உங்க கோர்ட் எங்க இருக்கு?

புதுவரவு

நல்லவேளை, பொது மைதானம்.

நாலு வாரம் கழிச்சு எழுதுறேன். கிளிப் அட்டை வந்தாச்சு, முதல் ஒரு மணி நேரம் ரெண்டு ரெண்டா மாத்துறோம். இப்போ ஒன்பது பேரோட வேலை தெரியும். ஒருத்தர் லிப்ட் பராமரிப்பு, ஒருத்தர் கண் டாக்டர், ஒருத்தங்க சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்க. லிப்ட் கயிறை எப்போ மாத்தணும்னு எதை வச்சு முடிவு பண்றாங்கன்னு 15 நிமிஷம் கேட்டேன். ஒரு குறிப்பிட்ட நீளத்துல அறுந்து நிக்கிற கம்பி இழைகளை எண்ணுவாங்களாம், கயிறு எவ்வளவு மெலிஞ்சிருக்குன்னும் அளப்பாங்களாம்.

சிக்கலும் இருக்கு. 1 மணி 45 நிமிஷத்துல நிறுத்துறதுக்கு மூணு பேர் சம்மதிக்கல, கோர்ட்டுக்குக் கட்டுன காசு வீண்ங்கிறாங்க. அப்புறம் என் பழைய கட்டுல இருந்த ஒருத்தர் முறை மாறினதிலிருந்து ரெண்டு வாரமா வரல. நல்லா ஆடுறவர் இல்ல, கூச்ச சுபாவம். தனியா மெசேஜ் அனுப்பலாமா, இல்ல விட்டுடணுமா?

பந்தடி

காசு விஷயத்துக்கு என்கிட்டயும் பதில் இல்ல. சில குழுவில அது கடைசி வரைக்கும் ஒத்துவராது.

அவருக்கு இன்னிக்கே அனுப்புங்க. ஏன் வரலன்னு கேக்காதீங்க. "சனிக்கிழமை வர்றீங்களா, ரெண்டாவது மணி நேரம் நம்ம நாலு பேரும் சேர்ந்து ஆடலாம்"னு மட்டும் போடுங்க.

இரவுப்பணி

கலக்குறது அவரை மாதிரி ஆளுங்களுக்குப் பாரமா இருக்கும். பழகுன மூணு பேரோட ஆடுறதுதான் அவருக்கு அந்த வாரத்தோட நிம்மதியா இருந்திருக்கலாம். முதல் மணி நேரம் வேண்டாம்னா நேரா ரெண்டாவது மணி நேரத்துக்கு வரலாம்னும் ஒரு வரி சேர்த்துக்கோங்க.

புதுவரவு

அனுப்பிட்டேன். பார்த்துட்டார், இன்னும் பதில் வரல.